ஓர் அசமன்பாடு, நான்கு தவறான விடைகள்: குறி திரும்பும் இடத்தைச் சோதனை மதிப்புகளால் பிடிப்பது எப்படி

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கணக்கு இது:

(7 − 2x)/(x + 1) ≥ 1

மூன்று நான்கு வரியில் முடிந்துவிடும் கணக்குதான். ஆனால் இதே கணக்கைப் பலர் போட்டால் கீழே உள்ள நான்கு விடைகளும் வந்து சேரும், நான்கும் தவறு.

அ) x ≤ 2
ஆ) x ≥ 2
இ) x < −1 அல்லது x ≥ 2
ஈ) −1 ≤ x ≤ 2

சரியான விடை −1 < x ≤ 2. இந்த நான்கில் ‘அ’ விடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை எழுதியவர் குறியைத் திருப்ப மறக்கவில்லை. விடையைச் சரிபார்க்கவும் செய்திருக்கலாம். சரிபார்த்தும் தவறு தெரியாமல் போயிருக்கும். சரிபார்ப்பு எங்கே ஓட்டை விடுகிறது என்பதை இந்த ஒரு விடை நன்றாகக் காட்டிவிடும்.

‘அ’ விடை வந்த வழி

இருபுறமும் (x + 1) ஆல் பெருக்கினால்

7 − 2x ≥ x + 1

x உறுப்புகளை இடப்பக்கமும் எண்களை வலப்பக்கமும் கொண்டுவந்தால்

−3x ≥ −6

−3 ஆல் வகுக்கிறோம். −3 குறை எண், ஆகவே குறி திரும்புகிறது:

x ≤ 2

கடைசி வரியில் பிழை இல்லை. திருப்ப வேண்டிய இடத்தில் குறி திரும்பியிருக்கிறது. இனி சரிபார்ப்பு. விடை 2 என்ற இடத்தில் எண்கோட்டை இரண்டாக வெட்டுகிறது. இடப்பக்கத்திலிருந்து ஓர் எண், வலப்பக்கத்திலிருந்து ஓர் எண் எடுத்துப் பார்த்தால் போதும் என்று தோன்றும். இடப்பக்கம் 0, வலப்பக்கம் 3 என்று எடுக்கலாம்; எல்லோரும் எடுக்கும் எண்கள்தான்.

x = 0 எனில் (7 − 0)/(0 + 1) = 7. 7 ≥ 1 உண்மை. விடையும் 0 தீர்வு என்கிறது.

x = 3 எனில் (7 − 6)/(3 + 1) = 1/4. 1/4 ≥ 1 பொய். விடையும் 3 தீர்வு இல்லை என்கிறது.

இரண்டும் பொருந்திவிட்டன. தவறான விடை சோதனையில் தேறிவிட்டது. இப்போது x = −2 போட்டுப் பாருங்கள்:

(7 − 2(−2))/(−2 + 1) = (7 + 4)/(−1) = −11

−11 ≥ 1 பொய். ஆனால் −2 என்பது 2-ஐவிடச் சிறியது. ‘அ’ விடை அதைத் தீர்வு என்கிறது. மூன்றாவதாக ஓர் எண்ணைப் போட்டதும் விடை உடைந்துவிடுகிறது.

முதலில் அந்த மூன்றாவது எண்ணைப் போடத் தோன்றாததற்குக் காரணம், எண்கோட்டை வெட்டும் இடம் விடையிலிருந்து எடுக்கப்பட்டது. விடையில் 2 மட்டும்தான் இருக்கிறது. −1 அதில் எங்கும் இல்லை. தவறு நடந்ததோ −1-இன் இடப்பக்கத்தில். விடையே தவறு என்றால், அந்த விடை காட்டும் இடங்களில் மட்டும் சோதிப்பது அதன் தவறை அதைக்கொண்டே மறைப்பது போல. எண்கோட்டை வெட்டும் எண்களை எப்போதும் கொடுத்த அசமன்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

குறி எத்தனை முறை திரும்ப வேண்டும்?

குறை எண்ணால் பெருக்கினால் குறி ஏன் திரும்புகிறது என்பதை எண்கோட்டிலேயே பார்த்துவிடலாம். 2 < 5. இரண்டையும் −1 ஆல் பெருக்கினால் −2, −5. பூச்சியத்தை மையமாக வைத்து எண்கோட்டை அப்படியே மறுபக்கம் புரட்டியது போல ஆகிறது; வலப்பக்கம் தள்ளி இருந்த 5 இப்போது இடப்பக்கம் தள்ளிப் போய்விட்டது. ஆகவே −2 > −5. இதை இயற்கணிதமாகச் சொன்னால்: a < b எனில் b − a மிகை எண், அதை ஒரு குறை எண் k ஆல் பெருக்கினால் k(b − a) குறை எண், அதாவது kb < ka. கூட்டலிலும் கழித்தலிலும் இந்தப் புரட்டல் இல்லை. எண்கோடு முழுவதும் ஒரு பக்கமாக நகர்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. குறை எண் கண்ணில் பட்டாலே குறியைத் திருப்பிவிடும் பழக்கம் சிலருக்கு வந்துவிடுகிறது. 3x ≥ −6 என்பதை 3 ஆல் வகுத்தால் x ≥ −2, குறி திரும்பாது. வகுப்பது 3, அது மிகை எண். வலப்பக்கம் இருக்கும் −6 என்ன குறி கொண்டிருந்தாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எந்த எண்ணால் பெருக்குகிறோம் அல்லது வகுக்கிறோம் என்பது மட்டும்தான் குறியைத் தீர்மானிக்கும்.

நம் கணக்கில் பெருக்கல் வகுத்தல் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று (x + 1) ஆல் பெருக்குவது, மற்றொன்று −3 ஆல் வகுப்பது. −3 எப்போதும் குறை எண். அங்கே குறி எப்போதும் திரும்பும். ஆனால் (x + 1) அப்படி இல்லை. x என்பது −1-ஐவிடப் பெரியது என்றால் அது மிகை எண், குறி திரும்பாது. x என்பது −1-ஐவிடச் சிறியது என்றால் அது குறை எண், குறி திரும்ப வேண்டும். ஆகவே −1-இன் வலப்பக்கத்தில் மொத்தம் ஒரு முறையும், இடப்பக்கத்தில் மொத்தம் இரண்டு முறையும் குறி திரும்ப வேண்டும். இரண்டு முறை திரும்பினால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு விடைகளைத் திரும்பப் பாருங்கள். ‘அ’ விடையில் குறி ஒரே ஒரு முறை திரும்பியது. ஆகவே −1-இன் வலப்பக்கம் முழுவதும் அது சரி, இடப்பக்கம் முழுவதும் தவறு. 0-உம் 3-உம் வலப்பக்கத்து எண்கள், பொருந்தியதில் வியப்பில்லை.

‘ஆ’ விடையில் குறி ஒரு முறைகூடத் திரும்பவில்லை. (x + 1) ஆல் யோசிக்காமல் பெருக்கி, −3 ஆல் வகுக்கும்போதும் திருப்ப மறந்ததால் வந்தது. அதன்படி −1-இன் இடப்பக்கத்தில் எதுவும் தீர்வு இல்லை, அது உண்மைதான். செய்யாமல் விட்ட இரண்டு திருப்பங்களும் அந்தப் பக்கத்தில் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிட்டன. −2-ஐ மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தினால் ‘ஆ’ விடையும் தேறிவிடும். இரண்டு பிழைகள் சேர்ந்து ஒரு பகுதியில் மட்டும் சரியான முடிவைத் தருவது அசமன்பாடுகளில் அரிதான விஷயம் இல்லை. ஒவ்வொரு இடைவெளியிலிருந்தும் ஓர் எண் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

சரியான தீர்வு

x உள்ள கோவையால் பெருக்குவதைத் தவிர்ப்பதே நல்லது. வலப்பக்கம் இருக்கும் 1-ஐ இடப்பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்கலாம். இது கழித்தல்தான், குறிக்கு எந்த ஆபத்தும் இல்லை.

(7 − 2x)/(x + 1) − 1 ≥ 0

(7 − 2x − x − 1)/(x + 1) ≥ 0

(6 − 3x)/(x + 1) ≥ 0

−3(x − 2)/(x + 1) ≥ 0

இப்போது −3 ஆல் வகுக்கலாம். அது எந்த x-க்கும் குறை எண்தான். குறி ஒரே முறை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி திரும்பும்:

(x − 2)/(x + 1) ≤ 0

இரண்டாம் வரியில் −x − 1 என்று வந்த இடத்தில் பிழை எளிதாக நுழையும். 1-ஐக் கழிக்கும்போது பகுதி முழுவதையும் கழிக்கிறோம்; −(x + 1) = −x − 1. அடைப்புக்குறி போடாமல் −x + 1 என்று எழுதினால் தொகுதி 8 − 3x ஆகிவிடும். இந்தப் பிழை பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் திரும்ப வரும்.

இனி இந்தப் பின்னம் குறை எண்ணாகவோ பூச்சியமாகவோ இருக்கும் இடங்கள்தான் தீர்வு. தொகுதி பூச்சியமாவது x = 2-இல். பகுதி பூச்சியமாவது x = −1-இல். இந்த இரண்டும் நம் மாறுநிலை எண்கள். தொகுதியும் பகுதியும் எதிரெதிர்க் குறி கொண்டிருப்பது −1-க்கும் 2-க்கும் நடுவில் மட்டும். ஆகவே −1 < x ≤ 2, அதாவது (−1, 2].

‘இ’ விடை இந்த வழியில் வந்தவர் −3 ஆல் வகுக்கும்போது குறியைத் திருப்ப மறந்ததால் வந்தது. (x − 2)/(x + 1) ≥ 0 என்று எழுதிவிட்டால் x < −1 அல்லது x ≥ 2 என்றுதான் வரும்.

சோதனை, வரி வரியாக

மாறுநிலை எண்கள் −1, 2. அவை எண்கோட்டை மூன்று திறந்த இடைவெளிகளாகப் பிரிக்கின்றன: (−∞, −1), (−1, 2), (2, ∞). ஒவ்வொன்றிலிருந்தும் கணக்கிட எளிதான ஓர் எண்: −2, 0, 3. மாறுநிலை எண்ணையே சோதனை மதிப்பாக எடுக்கக் கூடாது; அது எந்த இடைவெளிக்கும் உள்ளே இல்லை, இரண்டு இடைவெளிகளின் எல்லையில் நிற்கிறது.

அடுத்தது, எந்த வரியில் பிரதியிடுவது? கொடுத்த அசமன்பாட்டில்தான். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். −2-ஐ எடுத்து, பெருக்கியபின் கிடைத்த 7 − 2x ≥ x + 1 என்ற வரியில் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 11, வலப்பக்கம் −1, 11 ≥ −1 உண்மை. ‘அ’ விடையும் −2 தீர்வு என்கிறது. சரியான எண்ணைத் தேர்ந்தெடுத்தும் தவறு மறைந்துவிட்டது. பிழை நடந்தது முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில். இரண்டாம் வரியிலிருந்து சோதித்தால் அந்தப் பிழையைத் தாண்டி வந்த பிறகு சோதிக்கிறோம்.

கொடுத்த அசமன்பாட்டில் போட்டால்:

| x | (7 − 2x)/(x + 1) | ≥ 1 ? | அ | ஆ | இ | (−1, 2] |
|---|---|---|---|---|---|---|
| −2 | 11/(−1) = −11 | பொய் | தவறு | சரி | தவறு | சரி |
| 0 | 7/1 = 7 | உண்மை | சரி | தவறு | தவறு | சரி |
| 3 | 1/4 | பொய் | சரி | தவறு | தவறு | சரி |

அட்டவணையின் வலப்பக்கத்துக் கட்டங்கள், அந்த x-ஐப் பற்றி ஒவ்வொரு விடையும் சொல்வது மூன்றாம் கட்டத்து முடிவோடு பொருந்துகிறதா என்பதைச் சொல்கின்றன. சோதனை எண் பொய் என்று வந்தால் விடை தவறு என்று பொருள் இல்லை. அந்த எண்ணை விடை தீர்வில் சேர்க்கவில்லை என்றால் அது பொருத்தம்தான். சரிபார்ப்பது ஒப்பீட்டை. இந்த இடத்தில் குழம்பி, பொய் என்று வந்ததும் சரியான விடையை அடித்துவிட்டுத் திருத்துபவர்கள் உண்டு.

இந்த அட்டவணையில் இன்னொரு பயன் இருக்கிறது. பிழை எங்கே என்றும் அது காட்டிவிடும். ‘இ’ விடைக்கு மூன்று வரியும் தவறு. எல்லா இடைவெளியிலும் விடை நேர்மாறாக வந்தால், நிலையான ஒரு குறை எண்ணால் பெருக்கியபோதோ வகுத்தபோதோ குறி திரும்பவில்லை என்று நேராக அந்த வரிக்குப் போகலாம். திரும்பத் தேவையில்லாத இடத்தில் திருப்பியிருந்தாலும் இப்படித்தான் வரும். ‘அ’ விடைக்கு −1-இன் ஒரு பக்கம் மட்டும் தவறு. ஒரு மாறுநிலை எண்ணின் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் தவறாகவும் வந்தால், அந்த எண்ணில் குறி மாறும் கோவையால், இங்கே (x + 1) ஆல், யோசிக்காமல் பெருக்கியிருக்கிறோம். ‘ஆ’ விடையில் இரண்டு பிழையும் சேர்ந்திருக்கின்றன.

பிரதியிடும்போது நடக்கும் சறுக்கல்கள் இரண்டுதான் அடிக்கடி வருபவை. 7 − 2(−2) என்பதை அடைப்புக்குறி இல்லாமல் எழுதி 7 − 4 = 3 என்று போட்டுவிடுவது ஒன்று. இந்தக் கணக்கில் 3/(−1) = −3, அதுவும் 1-ஐவிடச் சிறியது; முடிவு மாறாததால் சறுக்கல் தெரியாது. வேறு கணக்கில் முடிவையே மாற்றிவிடும். மற்றது −11 ≥ 1 என்பதைப் படிக்கும்போது 11-இன் அளவைப் பார்த்து உண்மை என்று எழுதிவிடுவது. எண்கோட்டில் எது வலப்பக்கம் என்று பார்த்தால் இது வராது.

ஓர் எண் மொத்த இடைவெளிக்கும் எப்படிப் பேசும்?

−2 ஒன்றைச் சோதித்துவிட்டு −1-க்கு இடப்பக்கம் உள்ள எல்லா எண்களுக்கும் முடிவு சொல்கிறோம். இது எப்படிச் செல்லும் என்ற கேள்வி நியாயமானது. ஒரு பின்னத்தின் குறியைத் தீர்மானிப்பவை அதன் காரணிகளின் குறிகள். (x − 2) என்பது 2-இல் மட்டும் குறி மாறும். (x + 1) என்பது −1-இல் மட்டும் குறி மாறும். இந்த இரண்டு எண்களும் உள்ளே இல்லாத ஓர் இடைவெளியில் எந்தக் காரணியும் குறி மாறாது. ஆகவே பின்னமும் மாறாது. காரணிப்படுத்த முடியாத கோவைகளுக்கு இதையே தொடர்ச்சி என்ற பண்பு தருகிறது: ஓர் இடைவெளி முழுவதும் தொடர்ச்சியாக உள்ள சார்பு, மிகையிலிருந்து குறைக்குப் போக வேண்டுமானால் நடுவில் பூச்சியத்தைத் தொட்டே ஆக வேண்டும். இடைமதிப்புத் தேற்றம் சொல்வது இதைத்தான்.

பகுதி பூச்சியமாகும் எண்ணையும் மாறுநிலை எண்ணாகச் சேர்ப்பது ஏன் என்பதும் இங்கேயே தெரிகிறது. −1-இல் சார்பு தொடர்ச்சியாக இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால்: x = −0.9 எனில் (7 + 1.8)/0.1 = 88. x = −1.1 எனில் (7 + 2.2)/(−0.1) = −92. 0.2 தூரம் நகர்ந்ததற்குள் 88-இலிருந்து −92-க்கு விழுந்துவிட்டது. நடுவில் 1-ஐ எங்கும் தொடவில்லை. சமன்பாட்டைத் தீர்த்து 2-ஐ மட்டும் கண்டுபிடித்தவருக்கு இந்தத் தாவல் தெரியவே தெரியாது.

இதே படத்தை இன்னொரு வழியிலும் பார்க்கலாம். 7 − 2x = −2(x + 1) + 9 என்று எழுதினால்

(7 − 2x)/(x + 1) = −2 + 9/(x + 1)

x < −1 எனில் 9/(x + 1) குறை எண். ஆகவே மொத்தமும் −2-க்குக் கீழேதான், 1-ஐத் தொட வழியே இல்லை. x > −1 எனில் x கூடக் கூட மதிப்பு இறங்கிக்கொண்டே வருகிறது; 9/(x + 1) = 3 ஆகும்போது, அதாவது x = 2-இல், சரியாக 1. அதுவரை 1-க்கு மேல், அதற்குப் பிறகு கீழ். பெருக்கல் திருப்பம் எதுவும் இல்லாமலே (−1, 2] வந்துவிட்டது. நேரம் இருந்தால் இந்த மாதிரி வேறொரு வழியில் போட்டுப் பார்ப்பது சோதனை எண்களைவிட உறுதியானது. ஆனால் எல்லாக் கணக்கும் இப்படிப் பிரிந்துகொடுக்காது.

எல்லைகளில் நிற்கும் எண்கள்

‘ஈ’ விடையை, அதாவது −1 ≤ x ≤ 2 என்பதை, மேலே உள்ள அட்டவணையில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் மூன்று வரியும் சரி என்றே வந்திருக்கும். சோதனை எண்கள் இடைவெளிகளின் உள்ளேயிருந்து எடுக்கப்பட்டவை. எல்லையில் நிற்கும் −1-ஐப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. ஆகவே எல்லைகளைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

x = 2 எனில் (7 − 4)/(2 + 1) = 3/3 = 1. 1 ≥ 1 உண்மை. 2 தீர்வில் உண்டு. x = −1 எனில் 9/0; வரையறுக்கப்படவில்லை, தீர்வில் இருக்க முடியாது.

‘ஈ’ விடை பெரும்பாலும் (x + 1)² ஆல் பெருக்கும் முறையில் வரும். வர்க்கம் குறை எண் ஆகாது என்பதால் குறி திரும்பும் கவலையே இல்லை என்று அந்த முறையைப் பலர் விரும்புவார்கள், நல்ல முறைதான். (7 − 2x)(x + 1) ≥ (x + 1)² என்று வந்து, ஒருபக்கம் சேர்த்தால் −3(x + 1)(x − 2) ≥ 0, பிறகு (x + 1)(x − 2) ≤ 0, பிறகு −1 ≤ x ≤ 2. ஆனால் (x + 1)² என்பது x = −1-இல் பூச்சியம். பூச்சியத்தால் பெருக்கினால் இருபுறமும் 0 ஆகி, 0 ≥ 0 என்ற உண்மை கிடைத்துவிடும். இல்லாத தீர்வு உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். தொடங்கும்போதே x ≠ −1 என்று ஓரத்தில் எழுதி வைத்தால் முடிவில் அதை நீக்க மறக்காது.

இடைவெளிச் சோதனை பிடிக்காத பிழை

முன்னே சொன்ன 8 − 3x பிழைக்கு வருவோம். அடைப்புக்குறி விட்டுப்போனதால் தொகுதி 8 − 3x ஆகிவிட்டது என்று வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் விடை −1 < x ≤ 8/3. மாறுநிலை எண்கள் −1, 8/3. சோதனை எண்கள் அதே −2, 0, 3. கொடுத்த அசமன்பாட்டில்தான் போடுகிறோம்: பொய், உண்மை, பொய். விடை சொல்வதும் அதேதான். மூன்றும் பொருந்தின; விடை தவறு.

காரணம் எளிது. உண்மையான எல்லை 2. தவறான எல்லை 8/3. இரண்டுக்கும் நடுவே உள்ள எண்கள்தான் தவறாகத் தீர்வில் சேர்க்கப்பட்டவை. 0-உம் அந்தத் துண்டுக்குள் இல்லை, 3-உம் இல்லை. 2.5 போட்டிருந்தால் (7 − 5)/3.5 = 2/3.5, 1-ஐவிடக் குறைவு, பிழை தெரிந்திருக்கும். ஆனால் 2.5-ஐப் போட வேண்டும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

இங்கே உதவுவது எல்லைச் சோதனை. தொகுதியிலிருந்து வந்த மாறுநிலை எண்ணில் இருபக்கமும் சமமாக வர வேண்டும். x = 8/3 எனில் தொகுதி 7 − 16/3 = 5/3, பகுதி 11/3, மதிப்பு 5/11. அது 1 இல்லை. ஆகவே 8/3 எல்லையாக இருக்க முடியாது. x = 2-இல் சரியாக 1 வந்ததை மேலே பார்த்தோம். எல்லையில் சமம் வருகிறதா என்ற சோதனை கூட்டல் கழித்தல் பிழையைப் பிடிக்கும். குறி திரும்பாததைப் பிடிக்காது, ஏனென்றால் ‘ஆ’, ‘இ’ விடைகளிலும் எல்லை 2-தான். இடைவெளிச் சோதனை குறியைப் பிடிக்கும். எல்லை தள்ளிப்போனதைப் பிடிக்காது. ஒன்று மற்றதற்கு மாற்று ஆகாது. முதலில் எல்லைகளைச் சோதித்து, அவை சரி என்று தெரிந்த பிறகு இடைவெளிகளுக்குப் போவதே நல்ல வரிசை.

வேறு வடிவங்களில் கவனிக்க வேண்டியவை

மாறுநிலை எண்கள் நெருக்கமாக இருந்தால் முழு எண்கள் உதவாது. (3x − 1)(1 − 2x) > 0 என்பதை எடுங்கள். இரண்டாம் காரணியை −(2x − 1) என்று எழுதி −1 ஆல் பெருக்கினால் (3x − 1)(2x − 1) < 0. மாறுநிலை எண்கள் 1/3, 1/2. முழு எண்களையே போட்டுப் பார்ப்பவருக்கு 0-இல் (−1)(1) = −1, 1-இல் (2)(−1) = −2; எல்லாம் பொய், தீர்வே இல்லை என்று தோன்றும். நடுவில் 0.4-ஐப் போட்டால் (0.2)(0.2) = 0.04, மிகை எண். தீர்வு முழுவதும் அந்தச் சிறு இடைவெளியில் இருக்கிறது: 1/3 < x < 1/2. நடுவில் எந்த எண்ணை எடுப்பது என்று தெரியாவிட்டால் இரண்டு எல்லைகளின் சராசரி எப்போதும் உள்ளே விழும். இங்கே அது 5/12.

வர்க்கக் காரணி வந்தால் குறி ஒன்றுவிட்டு ஒன்று மாறும் என்று நம்பி நிரப்பக் கூடாது. −2(x − 1)²(x + 3) ≥ 0 என்பதை −2 ஆல் வகுத்துக் குறியைத் திருப்பினால் (x − 1)²(x + 3) ≤ 0. மாறுநிலை எண்கள் −3, 1. கொடுத்த அசமன்பாட்டில் −4 போட்டால் −2 × 25 × (−1) = 50, உண்மை. 0 போட்டால் −2 × 1 × 3 = −6, பொய். 2 போட்டால் −2 × 1 × 5 = −10, இதுவும் பொய். உண்மை, பொய், உண்மை என்று மனதால் நிரப்பியவர் x ≥ 1 முழுவதையும் தீர்வில் சேர்த்திருப்பார். இங்கே (x − 1)² என்பது 1-இன் இருபக்கமும் மிகை எண்தான். ஆகவே அந்த எண்ணைத் தாண்டும்போது குறி மாறவில்லை.

எல்லைகளையும் போட்டுப் பார்க்கலாம். x = −3-இல் மதிப்பு 0; 0 ≥ 0 உண்மை. x = 1-இலும் மதிப்பு 0; அதுவும் உண்மை. 1-க்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள இடைவெளிகள் இரண்டும் தீர்வில் இல்லை, ஆனால் 1 மட்டும் தனியாகத் தீர்வு. விடை x ≤ −3 அல்லது x = 1. இடைவெளிகளிலிருந்து எத்தனை எண்களை எடுத்துச் சோதித்தாலும் அந்தத் தனிப்புள்ளி கிடைத்திருக்காது. எல்லையில் நின்று பார்த்ததால்தான் கிடைத்தது.